இரண்டு பக்கமும் வெல்லும் பந்தயம்: கணக்கு சொல்வது என்ன?

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தைச் சுற்றியுள்ள வாடகை அறைகளில், இரவுப் பணி முடித்துத் திரும்பும் இளைஞர்களின் கைப்பேசிகளில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. அங்குள்ள இரும்பு உருட்டாலை ஒன்றில் கணக்குப் பிரிவில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் அதை எனக்கு அனுப்பி, "ஐயா, இதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் ஆலையில் நான்கைந்து பேர் பணம் கட்டிவிட்டார்கள்" என்று எழுதியிருந்தார். திருவள்ளூர்ப் பக்கமும் இதே செய்தி போவதாகப் பின்னர் அறிந்தேன்.

செய்தி இதுதான்: ஒரே ஆட்டத்தில் இரு அணிகள் மீதும், இரு வேறு இணையதளங்களில், தலா 1,100 ரூபாய் கட்ட வேண்டும். தவறினால் இழப்பு வெறும் 100 ரூபாய். பலித்தால் இரண்டு பந்தயமும் வென்று 2,000 ரூபாய் லாபம். எந்த ஆட்டம், எந்தத் தளம் என்பதைத் தெரிவிக்க மாதக் கட்டணம் 999 ரூபாய்.

வழக்கமான மோசடி விளம்பரமாக இருந்திருந்தால் இதைப் பற்றி எழுத வேண்டிய தேவை இருந்திருக்காது. இதில் சிக்கல் என்னவென்றால், செய்தியில் உள்ள எண்கள் பொய்யல்ல. 100 ரூபாய் இழப்பும் 2,000 ரூபாய் லாபமும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் சரியாகவே வருகின்றன. அமெரிக்காவில் பந்தயத் தொழிலில் இருப்போர் இதை 'மிடில்' என்பார்கள். அப்படியொரு நடு இடைவெளியில் ஓர் ஊரின் புக்கிகள் அனைவரும் மாட்டிக்கொண்ட வரலாறும் உண்டு. ஆகவே ஓட்டை கூட்டலில் இல்லை, வேறிடத்தில் இருக்கிறது.

முதலில் பந்தயத்தின் அமைப்பைப் பார்த்துவிடுவோம். பலமான அணியும் பலவீனமான அணியும் மோதும்போது யார் வெல்வார் என்று மட்டும் பந்தயம் வைத்தால் எல்லோரும் பலமான அணி மீதே கட்டுவார்கள். அதனால் அமெரிக்கக் கால்பந்திலும் கூடைப்பந்திலும் புக்கிகள் ஒரு கோடு போடுகிறார்கள். அதற்கு ஸ்பிரெட் என்று பெயர். கோடு 4.5 என்றால், பலமான அணி மீது கட்டியவர் வெல்ல, அந்த அணி 5 புள்ளி அல்லது அதற்கு மேற்பட்ட வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். அது 4 புள்ளியில் ஜெயித்தாலும், தோற்றாலும், எதிரணி மீது கட்டியவருக்கே பணம். இப்படி இரு பக்கமும் ஏறத்தாழ சமவாய்ப்பு ஆகிவிடுகிறது. அரைப் புள்ளி வைப்பதன் காரணம், ஆட்டம் சரியாகக் கோட்டின் மீதே முடிந்து பணத்தைத் திருப்பித் தர நேரக் கூடாது என்பதுதான்.

புக்கியின் கூலி, கட்டும் தொகையிலேயே அடங்கியிருக்கிறது. 1,000 ரூபாய் வெல்ல 1,100 ரூபாய் கட்ட வேண்டும். வென்றால் 1,000 லாபம். தோற்றால் 1,100 நட்டம். இரு பக்கமும் சம அளவில் பணம் சேர்ந்துவிட்டால், தோற்றவரிடம் வாங்கிய 1,100-இல் 1,000-ஐ வென்றவருக்குக் கொடுத்துவிட்டு 100-ஐ அவர் வைத்துக்கொள்வார். எவர் ஜெயித்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

ஆனால் பணம் அப்படிச் சமமாக வந்து சேர்வதில்லை. ஒரு பக்கம் குவிந்தால், மறுபக்கம் கட்டுவோரை இழுக்க அவர் கோட்டை நகர்த்துகிறார். நகர்த்திய கணத்தில் பழைய கோட்டுக்கும் புதிய கோட்டுக்கும் நடுவே ஒரு சந்து திறக்கிறது. பழைய கோட்டில் பலமான அணி மீதும், புதிய கோட்டில் எதிரணி மீதும் கட்டியிருப்பவர், ஆட்டம் அந்தச் சந்துக்குள் முடிந்தால் இரண்டிலும் வெல்கிறார்.

இது பெரிய அளவில் நடந்த நாள், 1979 ஜனவரி 21. மயாமி நகரின் ஆரஞ்ச் பவுல் மைதானத்தில் 13-ஆவது சூப்பர் பவுல் இறுதியாட்டம். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியும் டல்லஸ் கௌபாய்ஸ் அணியும் மோதின. லாஸ் வேகாஸ் புக்கிகள் பிட்ஸ்பர்க்குக்கு 3.5 என்று கோடு போட்டுத் தொடங்கினார்கள். பிட்ஸ்பர்க் மீது பணம் குவிந்தது. கோட்டை 4, பிறகு 4.5 என ஏற்றினார்கள். 4.5-இல் டல்லஸ் மீது பணம் வரத் தொடங்கியது. புத்தகம் சமநிலைக்கு வந்துவிட்டதென்று அவர்கள் நிம்மதி அடைந்திருக்கக் கூடும்.

ஆட்டம் முடிய ஏழு நிமிடங்களுக்கும் குறைவாக இருந்தபோது பிட்ஸ்பர்க் 35-17 என முன்னிலையில் இருந்தது. 18 புள்ளி வித்தியாசம். எந்தச் சந்துக்கும் அருகில்கூட இல்லை. பிறகு டல்லஸ் ஒரு டச் டவுன் அடித்து 35-24 ஆக்கியது. அடுத்துத் தாங்களே உதைத்த பந்தைத் தாங்களே கைப்பற்றி, 22 விநாடிகள் மீதமிருக்கையில் மேலும் ஒன்று அடித்தார்கள். அதைத் தொடர்ந்த ஒற்றைப் புள்ளி உதையும் இலக்கைக் கடக்க, ஆட்டம் 35-31 என்று முடிந்தது. வித்தியாசம் சரியாக 4. கடைசி உதை தவறியிருந்தால் வித்தியாசம் 5 ஆகி, டல்லஸ் மீது 4.5-இல் கட்டியவர்கள் தோற்றிருப்பார்கள். கோப்பையைப் பொறுத்தவரை எவ்வகையிலும் பொருட்டில்லாத அந்த ஒரு புள்ளி, லாஸ் வேகாஸில் இரு பக்கத்தாரையும் வெல்ல வைத்தது. 3.5-இல் பிட்ஸ்பர்க் மீது கட்டியவர் வென்றார், 4.5-இல் டல்லஸ் மீது கட்டியவரும் வென்றார். பந்தய உலகில் அந்த நாளுக்கு இன்றுவரை 'கறுப்பு ஞாயிறு' என்றே பெயர்.

புக்கியின் பக்கமிருந்து இதைக் கணக்கிட்டால் விஷயம் தெளிவாகும். 3.5-இல் நூறு பேர் பிட்ஸ்பர்க் மீதும், 4.5-இல் நூறு பேர் டல்லஸ் மீதும், நம் பணத்தில் தலா 1,100 ரூபாய் கட்டியதாக வைத்துக்கொள்வோம். மொத்த வரவு 2,20,000. வித்தியாசம் 4 அல்லாத வேறெதுவாக இருந்தாலும் நூறு பேருக்குத் தலா 2,100 வீதம் 2,10,000 திருப்பித் தந்து, 10,000 மிச்சம் பார்ப்பார். வித்தியாசம் 4 என்றால் இருநூறு பேருக்கும் தர வேண்டும், 4,20,000. நட்டம் இரண்டு லட்சம். பத்தாயிரம் ரூபாய் சம்பாதிக்க இரண்டு லட்சத்தைப் பணயம் வைக்கும் வியாபாரம் இது. மேலோட்டமாகப் பார்த்தால் முட்டாள்தனம். ஆனால் அந்த இரண்டு லட்சம் எத்தனை தடவைக்கு ஒருமுறை போகும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இனி கட்டுபவரின் பக்கம். தவறினால் 100 போகிறது, பலித்தால் 2,000 வருகிறது. இருபது முறை தவறி ஒருமுறை பலித்தால் வரவும் செலவும் நேராகிவிடும். அதாவது இருபத்தோரு முயற்சியில் ஒன்று, சதவீதத்தில் 4.76. சந்துக்குள் ஆட்டம் முடியும் வாய்ப்பு இதைவிடக் கூடுதலென்றால் லாபம், குறைவென்றால் நட்டம். செய்தியை அனுப்புகிறவர்கள் 100, 2,000 என்ற இரண்டு எண்களைச் சொல்கிறார்கள். மூன்றாவதான இந்த 4.76-ஐ எங்கும் சொல்வதில்லை.

இரண்டு நிபந்தனைகள் மாறினால் இந்த வரம்பும் மாறும். கோடுகள் அரைப் புள்ளி இல்லாமல் 3, 4 என்றே இருந்தால், ஆட்டம் 3-இல் முடிந்தாலும் 4-இல் முடிந்தாலும் ஒரு பந்தயம் வெல்லும், மற்றதில் கட்டிய பணம் திரும்பி வரும். கிடைப்பது 1,000 மட்டுமே. அப்போது பதினொன்றில் ஒருமுறை பலித்தால்தான் கட்டுபடியாகும். அல்லது கோடு நகராமல் விலை நகரலாம்: 1,000 வெல்ல ஒரு பக்கம் 1,100-க்குப் பதில் 1,200 கட்டச் சொல்வார்கள். தவறும்போது சராசரி இழப்பு 150 ஆகிவிடும். ஏறக்குறைய பதினான்கு முயற்சியில் ஒன்று பலிக்க வேண்டியிருக்கும். அமெரிக்கக் கால்பந்தில் கோடு 3-இல் நிற்கும்போது புக்கிகள் அதை அசைக்கத் தயங்கி, விலையை மட்டும் ஏற்றி இறக்குவதன் காரணம் இதுதான்.

ஏன் குறிப்பாக 3? அந்த விளையாட்டில் புள்ளிகள் ஒன்று ஒன்றாக வருவதில்லை. கம்பங்களுக்கிடையே உதைத்தால் 3. டச் டவுன் அடித்து அதன் பின் உதையும் பலித்தால் 7. அதனால் ஆட்டங்களின் வித்தியாசங்கள் 3, 7 ஆகிய எண்களில் குவிகின்றன. ஏறக்குறைய ஏழு ஆட்டங்களில் ஒன்று சரியாக 3 புள்ளியில் முடிகிறது. 4 என்பது அவ்வளவு வருவதில்லை. வென்றது எவராயினும் இருபதில் ஒன்று அளவுதான். அதிலும் பலமான அணியே 4-இல் வென்றாக வேண்டும் என்று சேர்த்தால் வாய்ப்பு இன்னும் சுருங்கும். சந்தில் பாதி, எதிரணி வென்ற ஆட்டங்களுக்குப் போய்விடுகிறது என்பதை மறப்பவர்கள் இணையத்தில் ஏராளம். இப்படிப் பார்த்தால் 1979-இல் அந்தப் புக்கிகள் செய்தது பெரிய பிழையல்ல. 3.5-இலிருந்து 4.5-க்கு நகர்த்துவது நீண்ட காலத்தில் அவர்களுக்குக் கட்டுபடியாகும் செயலே. அன்றைக்கு இருபத்தொன்றில் அந்த ஒன்று வந்து விழுந்தது.

மாணவர் அனுப்பிய செய்தியில் இருந்தது கூடைப்பந்து ஆட்டம். ஒரு தளத்தில் 4.5, இன்னொன்றில் 6.5. பலமான அணி 5 அல்லது 6 புள்ளியில் வென்றால் இரண்டும் பலிக்கும். கூடைப்பந்தில் புள்ளிகள் ஒன்று, இரண்டு, மூன்று எனச் சிறிது சிறிதாக நூற்றுக்கும் மேல் சேர்வதால், எந்தவொரு வித்தியாசத்திலும் தனிக் குவியல் இருக்காது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் ஆட்ட முடிவு கோட்டிலிருந்து விலகும் அளவின் திட்ட விலக்கம் சுமார் 12 புள்ளி. புள்ளியியல் படித்தவர்கள் எளிதில் கணக்கிடலாம்: கோட்டுக்கு அருகிலுள்ள ஒவ்வொரு வித்தியாசத்திற்கும் வாய்ப்பு ஏறக்குறைய 3.3 சதவீதம். ஒரு புள்ளிச் சந்து 4.76-ஐ எட்டாது; நட்டம். இரண்டு புள்ளிச் சந்து 6.6 சதவீதம், லாபம். நூறு முயற்சியில் ஆறேழு முறை 2,000 வரும், மற்றவற்றில் 100 போகும். சராசரியாக ஒரு முயற்சிக்கு 39 ரூபாய் மிஞ்சும்.

இந்த இடத்தில் மாணவர், "அப்படியானால் செய்தி உண்மைதானே, ஐயா?" என்று கேட்டார். உண்மைதான். ஆனால் அந்த 39 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் நினைப்பதுபோல் இரண்டு பந்தயங்களைச் சேர்த்ததால் பிறந்ததல்ல அது.

இரண்டையும் பிரித்துப் பார்ப்போம். புதிய கோடான 6.5 நியாயமானது, அதாவது இரு பக்கமும் பாதிப் பாதி வாய்ப்பு என்று கொள்வோம். அதில் எதிரணி மீது கட்டினால் பாதி முறை 1,000 வருகிறது, பாதி முறை 1,100 போகிறது. சராசரி இழப்பு 50 ரூபாய். இனி 4.5-இல் ஏற்கெனவே கட்டிய முதல் பந்தயம். கோடு இரண்டு புள்ளி நமக்குச் சாதகமாக நகர்ந்துவிட்டதால் அது வெல்லும் வாய்ப்பு 50-லிருந்து 56.6 சதவீதமாக உயர்ந்துவிட்டது. அதன் சராசரி மதிப்பு 89 ரூபாய் லாபம். 89-இலிருந்து 50-ஐக் கழித்தால் அதே 39.

லாபம் முழுவதும் முதல் பந்தயத்தில் இருக்கிறது. மற்றவர்களுக்கு முன்பாக 4.5 என்ற எண் கையில் கிடைத்ததே லாபம். இரண்டாவது பந்தயம் லாபத்தைக் கூட்டவில்லை, 50 ரூபாயைத் தின்றிருக்கிறது. அதற்கு ஈடாக அது தருவது ஒன்றே: 1,100 இழக்கும் அபாயம் 100 இழக்கும் அபாயமாகக் குறைகிறது. அது காப்பீட்டுத் தவணை. காப்பீடு எடுப்பது தவறல்ல. ஆனால் தவணை கட்டுவதையே வருமானம் என்று எண்ணினால் கணக்கு தலைகீழாகிவிடும்.

இதனால்தான் 'தவறினால் 100 மட்டும்' என்ற வாக்கியம் ஏமாற்றுகிறது. முதல் பந்தயம் கட்டும் நேரத்தில் கோடு எந்தப் பக்கம் நகரும் என்று எவருக்கும் தெரியாது. அது 6.5-க்கு ஏறலாம், 2.5-க்கு இறங்கவும் செய்யலாம். இறங்கிவிட்டால் நம் கையிலுள்ள 4.5 மோசமான சீட்டு. வெல்லும் வாய்ப்பு 43.4 சதவீதம், சராசரி இழப்பு 189 ரூபாய். அப்போது எதிர்ப்பக்கம் கட்டி வெளியேற முயன்றால் சந்து தலைகீழாகத் திறக்கும்: ஆட்டம் 3 அல்லது 4-இல் முடிந்தால் இரண்டுமே தோல்வி, 2,200 போய்விடும். ஏறுவதும் இறங்குவதும் சமவாய்ப்பு என்றால் 89 லாபத்துக்கும் 189 நட்டத்துக்கும் சராசரி 50 நட்டம். புக்கியின் கூலி வேறெங்கும் போகவில்லை, அங்கேயே இருக்கிறது. சந்து கிடைக்காத நாட்களில் காத்திருந்ததற்கான செலவை விட்டுவிட்டு, சந்து கிடைத்த நாட்களை மட்டும் எடுத்துக் கணக்குக் காட்டுகிறார்கள்.

நம் வாசகர்களுக்குக் கூடைப்பந்தைவிடக் கிரிக்கெட் நெருக்கமானது; நம் நாட்டுக் கள்ளச் சந்தையில் 'செஷன்' என்ற பெயரில் நடப்பதும் இதே உருவம்தான். முதல் ஆறு ஓவரில் எத்தனை ரன் என்பதற்குப் புக்கி 47-49 என்று இரண்டு எண் சொல்வார். 49-இல் 'எஸ்' சொன்னவர் 49 அல்லது அதற்கு மேல் வந்தால் வெல்வார். 47-இல் 'நோ' சொன்னவர் 46 அல்லது அதற்குக் கீழ் வந்தால் வெல்வார். இங்கே கட்டும் தொகையும் வெல்லும் தொகையும் சமம். கூலி அந்த இரண்டு ரன் இடைவெளிக்குள் ஒளிந்திருக்கிறது. 49-இல் எஸ் சொன்ன பிறகு இரண்டு பவுண்டரி போய், எண்கள் 55-57 ஆகிவிட்டால், 55-இல் நோ சொல்லலாம். 49 முதல் 54 வரை எது வந்தாலும் இரண்டும் வெற்றி. வெளியே போனால் ஒன்று வென்று ஒன்று தோற்றுச் சமன். செலவே இல்லாத சந்து போலத் தோன்றும். ஆனால் பவுண்டரிக்குப் பதில் விக்கெட் விழுந்து எண்கள் 41-43 ஆகியிருந்தால்? 41-இல் நோ சொல்லி வெளியேறினால் 41 முதல் 48 வரை எட்டு எண்களில் இரண்டும் தோல்வி. சாதகமாக எட்டு ரன் நகர்ந்தபோது கிடைத்தது ஆறு எண் சந்து. பாதகமாக ஆறு ரன் நகர்ந்தபோதே விழுந்தது எட்டு எண் பள்ளம். நகர்வுக்கும் எண்ணிக்கைக்கும் இடையே இரு பக்கமும் வரும் அந்த இரண்டு எண் வேறுபாடே புக்கியின் வருமானம்.

ஆக, நடு இடைவெளியில் உண்மையாகவே சம்பாதிப்பவர் எவரும் இல்லையா? இருக்கிறார்கள். சந்தைக்கு முன்பாகச் செய்தி அறிபவர், பல தளங்களின் கோடுகளை நொடிக்கு நொடி கணினியில் ஒப்பிடுபவர், ஒரு தளம் நகர்ந்து இன்னொரு தளம் நகராத அந்தச் சில விநாடிகளில் இரண்டையும் பிடிப்பவர். கும்மிடிப்பூண்டியில் ஒரு குழுவில் ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் செய்தி போகிறது என்றால், அந்த விநாடிகள் கடந்துவிட்டன என்று பொருள். மாணவர் கொடுத்த எடுத்துக்காட்டையே நான் சோதித்துப் பார்க்கச் சொன்னேன். செய்தி வந்த நேரத்திற்குச் சில நிமிடங்களில் முதல் தளமும் 6.5-க்கு வந்திருந்தது. 6.5-இல் ஒன்றும் 6.5-இல் மற்றொன்றும் கட்டினால் நடுவே எந்த எண்ணும் இல்லை. 100 ரூபாய் நட்டம் உறுதி. ஆட்டத்தைப் பார்க்கவும் தேவையில்லை. அவருடைய ஆலையில் ஒருவர் அப்படித்தான் பல ஆட்டங்கள் கட்டியிருக்கிறார். பாதி வெற்றிகள் வந்துகொண்டே இருந்ததால் தொகை கரைவது அவர் கண்ணில் படவில்லை.

கோடுகள் கிடைத்துவிட்டன என்றே வைத்துக்கொண்டாலும் கட்டணக் கணக்கு உதைக்கிறது. மாதம் இருபது முறை, ஒவ்வொன்றும் உண்மையான இரண்டு புள்ளிச் சந்து. எதிர்பார்க்கும் லாபம் 39 வீதம் சுமார் 780 ரூபாய். கட்டணம் 999. எல்லாம் சொன்னபடி நடந்தாலும் 219 ரூபாய் கைநட்டம். இருபது முறையில் ஒருமுறைகூடப் பலிக்காமல் போகும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அந்த மாதம் 2,000 ரூபாய் இழப்பும் கட்டணமும் சேர்ந்து மூவாயிரம் போகும். தொகையைப் பத்து மடங்காக்கினால் கட்டணம் பெரிதாகத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் அப்போது ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 22,000 ரூபாய் இரு தளங்களில் முடங்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி அதைக் கடன் வாங்கியே வைப்பார். அவர் தரும் வட்டி, ஆட்டத்துக்கு 390 ரூபாய் என்ற லாபத்தோடு போட்டியிடும்.

காகிதத்தில் தெரியாத இன்னொரு ஆபத்து, இரண்டு கால்களில் ஒன்று முறிவது. முதல் பந்தயம் ஏற்கப்பட்டு, இரண்டாவதைப் பதிவு செய்வதற்குள் கோடு மாறிவிடலாம். ஒரு தளம் கூடுதல் நேர ஆட்டத்தைச் சேர்த்துக்கொள்ளும், மற்றது சேர்க்காமல் விடும். கோடு தவறாகப் போடப்பட்டது என்று சொல்லி, ஆட்டம் முடிந்த பிறகு பந்தயத்தையே ரத்து செய்யும் விதி பல தளங்களின் நிபந்தனைகளில் உண்டு. ரத்தாவது பெரும்பாலும் எது? மற்ற தளங்களிலிருந்து விலகி நின்ற கோடுதான். அதாவது சந்தைத் திறந்து வைத்த அதே பந்தயம். மீதமிருப்பது துணையில்லாத ஒற்றைப் பந்தயம், 1,100 ரூபாய் முழு அபாயத்துடன். இப்படிக் கட்டுபவரை அடையாளம் கண்டு, அவர் கட்டக்கூடிய தொகைக்குச் சிறிய வரம்பு விதித்துவிடுவதும் தளங்களின் வழக்கம்.

அமெரிக்காவில் இவ்வாறு நேர்ந்தால் முறையிட ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. இங்கே நிலைமை வேறு. 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் தமிழ்நாட்டில் நீண்ட காலமாக இருந்துவருகிறது. இணையச் சூதாட்டத்தைத் தடுக்க மாநிலம் 2022-இல் தனிச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுகள் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்து, நடத்துவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆடுபவரைத் தண்டிப்பது அதன் நோக்கமல்ல. ஆனால் வங்கிகளும் பணப் பரிமாற்ற நிறுவனங்களும் அத்தளங்களுக்குப் பணம் கடத்தக் கூடாதென்று அது சொல்கிறது. ஆகவே பணம் உள்ளே போவது யாரோ ஒரு மூன்றாம் நபரின் கணக்கு வழியாக. வெளியே வருவதும் அப்படியே. அந்தக் கணக்கு முடக்கப்பட்டால் தொழிலாளியின் சொந்தச் சம்பளக் கணக்கும் விசாரணை முடியும்வரை முடங்கலாம்.

மாணவர் இந்தக் கணக்கைத் தம் ஆலையின் உணவகத்தில் ஒரு தாளில் எழுதிக் காட்டியிருக்கிறார். 89-இலிருந்து 50-ஐக் கழிக்கும் இடத்தில் பலரும் நின்றுவிட்டார்களாம். 6.5-க்கும் 6.5-க்கும் நடுவே எந்த எண் இருக்கிறது என்ற கேள்வி மட்டும் எல்லோருக்கும் உடனே புரிந்தது. பணம் கட்டியவர்களில் இருவர் அடுத்த மாதக் கட்டணத்தை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் இன்னும் தொடர்கிறார். அவருக்கு முதல் வாரத்திலேயே ஒருமுறை 2,000 ரூபாய் வந்திருக்கிறது.